ஒரு தடவைக்கு எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் குடும்பக் கூட்டம் என்று அவன் சனிக்கிழமையே அறிவித்துவிட்டான். ஆறு வருடத்து மனைவிக்கு அந்தக் குரல் பழக்கம். கூட்டம் என்று அவன் சொன்னால் யாருக்கோ ஏதோ பறிபோகப்போகிறது என்று பொருள். போன வருடம் இதே மாதிரி ஒரு கூட்டத்தில்தான் வேலைக்காரம்மா போனாள்.

அவன் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. அலுவலகத்தில் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'யூனிட் ரேட்'. ஆணி வாங்கினாலும் அண்டா வாங்கினாலும் "ஒண்ணுக்கு எவ்வளவு விழுது?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டான். கிண்டலுக்கு வைத்த பெயரை அவன் பட்டம் போலச் சுமந்துகொண்டு திரிந்தான்.

கூட்டம் கூடத்தில் நடக்கவில்லை, மாமியாரின் அறையில் நடந்தது. பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்து மூன்று வருடம் ஆன மாமியார், உடம்பால் எங்கும் போக முடியாததால் எல்லாமே தன் அறைக்கு வந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். நாத்தனாரும் வந்திருந்தாள். அவனுக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. கால்மேல் கால் போட்டு, படம் பார்க்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாமியாரின் தொலைக்காட்சியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒலியைக் குறைத்துவிட்டு, அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டினான். கட்டம் கட்டமாக அச்சடித்த தாள்.

"முன்பதிவு பண்ணின காருக்கு அடுத்த மாசத்திலேர்ந்து தவணை ஆரம்பிக்குது. மாசம் ரெண்டாயிரம் இடிக்குது. நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை. கணக்கு என்ன சொல்லுதோ அதைக் கேப்போம். நம்ம வீட்ல சந்தா நாலு. ஒவ்வொண்ணுக்கும் கட்டற பணத்தை எத்தனை தடவை பயன்படுத்தறோமோ அதால வகுத்திருக்கேன். எது ரொம்ப அதிகமா வருதோ அது போயிடும்."

"நல்ல ஏற்பாடுதான்" என்றாள் நாத்தனார்.

"முதல்ல அம்மாவோட சீரியல். மாசம் நூத்தம்பது. போன மாசம் முந்நூறு மணி நேரம் ஓடியிருக்கு. மணிக்கு அம்பது காசு. இதைவிட மலிவா உலகத்துல எதுவும் கிடையாது."

மாமியார் பாதி முகத்தால் பெருமையாகச் சிரித்தார்.

"அதுல பாதி நேரம் அத்தை தூங்கறாங்க" என்றாள் அவள். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை 'இன்னும் பார்க்கிறீர்களா'ன்னு அது கேக்குது. நான் வந்து அமுக்கறதாலதான் ஓடுது."

"ஓடினா ஓடினதுதான். கண்ணு திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சான்னு நான் போய்ப் பாக்க முடியுமா? அடுத்து என் விளையாட்டு. வருஷம் ஆயிரத்து எண்ணூறு. நாப்பது ஆட்டம் பாத்திருக்கேன். ஆட்டத்துக்கு நாப்பத்தஞ்சு. மூணாவது, படம் பாக்கறதுக்கு வாங்கினது. மாசம் ஐந்நூறு. நாம ரெண்டு பேரும் மாசத்துக்கு ரெண்டு படம்தான் பாக்கறோம். படத்துக்கு இருநூத்தம்பது."

சிறிது நிறுத்தினான். நான்காவது வரியில் விரல் வைத்தான்.

"ஜிம். வருஷம் இருபத்து நாலாயிரம். அட்டையைத் தேய்ச்ச கணக்கு அவங்க செயலியிலேயே இருக்கு. வருஷத்துக்குத் தொண்ணூத்தாறு தடவை. தடவைக்கு இருநூத்தம்பது."

அவளுக்கு மூச்சு வந்தது. மருந்துக்கடையில் எட்டு வருடம் பில் போட்டவள். மாமியார் படுத்ததும் அந்த வேலையை விட்டவள். எண்கள் அவளுக்கும் பேசும்.

"ரெண்டும் சமமா வருதே. அப்ப படத்தை எடுத்துடுங்க."

நாத்தனாரின் மேல் காலும் கீழ் காலும் இடம் மாறின. "டேய் தம்பி, அது என்னடா? அதுலதானே என் பசங்க பாக்குதுங்க! நீதானே பாஸ்வேர்டு குடுத்தே?"

அவன் நெற்றியைத் தட்டிக்கொண்டான். "அட, ஆமாக்கா! அதைச் சேக்கலை பாரு." கைப்பேசியைத் திறந்து நாத்தனார் பிள்ளைகளின் பெயரில் இருந்த பட்டியலைத் தள்ளித் தள்ளி எண்ணினான். "பதினெட்டு. நம்ம ரெண்டோட இருபது. ஐந்நூறை இருபதால வகுத்தா... படத்துக்கு இருபத்தஞ்சுதான்!" பேனாவால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினான். அடித்த கோட்டில் ஒரு மகிழ்ச்சி இருந்தது.

இனி மிச்சமிருப்பது ஒன்றுதான் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்ப என் வரியிலயும் ஒண்ணு சேக்கணும்" என்றாள் அவள். "நான் எதுக்கு ஜிம்முக்குப் போறேன்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அத்தையைத் தூக்கறப்ப எனக்கு முதுகுல பிடிச்சு, பத்து நாள் தரையில படுத்துக் கிடந்தேன். டாக்டர் என்ன எழுதினாரு? ஒண்ணு, தூக்கறதை நிறுத்து. இல்லேன்னா ஒழுங்கா பழகி உடம்புல பலம் ஏத்திக்கிட்டுத் தூக்கு. அதுக்குத்தான் போறேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை அத்தையைக் கழிப்பறை நாற்காலிக்குத் தூக்கறேன். வருஷத்துக்கு ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு. இருபத்து நாலாயிரத்தை அதால வகுத்துப் பாருங்க. தடவைக்குப் பதினொண்ணு கூட வராது."

அவன் வகுத்துப் பார்க்கவில்லை. பெரிய மனிதன் சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரிச் சிரித்தான்.

"அது வீட்டு வேலைம்மா. ஜிம்முக்குள்ள போய்ப் பண்றதுதான் ஜிம் கணக்கு. அட்டை தேய்ச்சாதான் ஒண்ணு."

"வேற வீட்ல உக்காந்து படம் பாத்தா அது கணக்கு. இதே வீட்ல நான் உங்கம்மாவைத் தூக்கினா கணக்கு இல்லையா?"

தொலைக்காட்சியில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் மாமியார் வாயைத் திறந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு குழறும். ஆனால் குத்த வேண்டிய சொற்கள் மட்டும் எப்படியோ தெளிவாக வந்துவிடும்.

"என்னைத் தூக்கப் பயிற்சி வேணுமாம். நான் என்ன மூட்டையா? எங்க மாமியாரை நான் பதினாலு வருஷம் பாத்தேன். எந்த ஜிம்முக்குப் போனேன்?"

"அம்மா, விடுங்க. அண்ணி எங்கே முதுகுக்காகவா போறாங்க?" என்று நாத்தனார் தம்பி மனைவியை வேண்டுமென்றே 'அண்ணி' என்று அழைத்துக் கண் சிமிட்டினாள். "உடம்பைக் குறைக்கன்னு சொன்னா நமக்குச் சிரிப்பு வரும்னுதான் முதுகுங்கறாங்க."

"சரி, அப்படியே கணக்குப் போடுவோமே" என்று அவன் உற்சாகமானான். "சேந்தப்ப அறுபத்து நாலு கிலோ. இப்ப?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

"அறுபத்து ரெண்டு. நானே மெஷின்ல பாத்தேன். போன வருஷப் பணத்துக்கு ரெண்டு கிலோ. இருபத்து நாலாயிரத்தை ரெண்டால வகுத்தா, கிலோ பன்னிரண்டாயிரம்! கறிக்கடைக்காரன் கேட்டா கடையை மூடிட்டு இந்தத் தொழிலுக்கு வந்துடுவான்!"

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் சிரித்ததில் இருமல் வந்தது. இருமினால் அவரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பழக்கத்தில் அவள் கட்டிலருகே போனாள். கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, மாமியாரைத் தன் நெஞ்சோடு அணைத்து, மூன்று எண்ணி நிமிர்த்தினாள். தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பின் மிச்சம் அந்த நெஞ்சில் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்ததை அவள் தன் உடம்பால் உணர்ந்தாள்.

முதுகைத் தட்டிவிட்டுத் திரும்பியபோது அவன் ஜிம்மின் செயலியைத் திறந்திருந்தான். பணம் அவன் கணக்கிலிருந்து போவதால் உறுப்பினர் பக்கமும் அவன் கையில்தான். வருடச் சந்தா அந்த மாதக் கடைசியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் ஏழு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். பத்து நாள் இருந்தது. ரத்து செய்யக் காரணம் கேட்டது. 'போதுமான அளவு பயன்படுத்தவில்லை' என்பதைத் தொட்டான்.

"முடிஞ்சுது" என்றான்.

"சரி" என்றாள் அவள். "அப்ப ஒண்ணாம் தேதியிலேர்ந்து டாக்டர் சொன்னபடி தூக்கறதை நிறுத்திடறேன்."

"நிறுத்து, நிறுத்து. எங்கம்மாவைத் தூக்க எனக்குக் கையில்லையா?"

ஒன்றாம் தேதி வந்தது.

காலை ஆறு மணிக்கு மாமியார் கூப்பிட்டார். அவள் போய் மருத்துவரின் சீட்டை அலமாரிக் கதவில், அவனுடைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, கணவனை எழுப்பினாள். அவன் வீராப்பாக வந்தான். குனிந்து, இடுப்பை வளைத்து, தாயின் அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தான். மாமியார் அலறினார்.

"இழுக்காதேடா! அவ தூக்கறப்ப இப்படி வலிக்காதே!"

அவள் அறை வாசலில் சாய்ந்து நின்றாள். முழங்காலை மடக்கச் சொல்லலாம். நெருங்கி அணைத்துக்கொள்ளச் சொல்லலாம். பெண்களுக்குப் பயிற்சி தரும் கோச் மூன்று மாதம் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது அது. அவள் சொல்லவில்லை.

"ஒண்ணு" என்றாள்.

அன்று அவன் இரண்டு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போய், மதியம் ஒருமுறை ஓடிவந்து, மாலை ஐந்துக்கே திரும்பினான். அவள் வாசற்படியிலிருந்து ஆறு வரை எண்ணினாள். இரண்டாம் நாள் நான்காவது தடவையில் அவன் இடுப்பில் ஏதோ 'சுளுக்' என்றது. கை நழுவியது. மாமியார் கட்டில் விளிம்பில் சரிந்து, மெல்லத் தரைக்கு இறங்கினார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் ஈரமாகிவிட்டது. ஒருவர் தரையிலும் ஒருவர் தரையைப் பிடித்துக்கொண்டும் இருக்க, தாயும் மகனும் அவளைப் பார்த்தார்கள்.

"ஏம்மா, பாத்துக்கிட்டு நிக்கறியே!" என்றார் மாமியார். மூன்று வருடத்தில் அவளை 'ஏம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"டாக்டர் எழுதியிருக்காரே அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் பக்கத்து வீட்டு ஓட்டுநரை அழைத்து வந்தாள். மருமகள் துடைக்க, மகன் வயதுள்ள அந்நிய ஆண் ஒருவன் தன்னைத் தூக்கிப் படுக்கவைத்ததை மாமியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவன் குப்புறப் படுத்தபடி கைப்பேசியில் எண்களைச் சுழற்றினான். அதுதானே அவன் தொழில். மூன்று இடத்தில் விலை கேட்டான். பகல்நேரப் பராமரிப்பாளருக்கு மிகக் குறைவான விலை நாளுக்கு ஆயிரத்து நூறு. மாதம் முப்பத்து மூவாயிரம். அக்காவைக் கூப்பிட்டுப் பாதியைக் கேட்டான். "பசங்க பள்ளிக்கூடப் பணம் கட்டற மாசம்டா" என்றாள் அக்கா. பிறகு ஜிம்மைக் கூப்பிட்டான்.

வரவேற்பில் இருந்த பெண் மிக இனிமையாகப் பேசினாள். "பழைய விலை விடாம தொடர்றவங்களுக்கு மட்டும்தான் சார். ரத்தாயிட்டா புதுசாத்தான் சேரணும். வருஷம் முப்பத்தாறாயிரம், சேர்க்கைக் கட்டணம் மூவாயிரம்."

"மூணு நாள்தானேம்மா ஆச்சு!"

"ரத்துக்குக் காரணம் 'பயன்படுத்தவில்லை'ன்னு நீங்களே போட்டிருக்கீங்களே சார்."

மாலையில் அவன் இடுப்பில் வெந்நீர்ப் பையுடன் மனைவி எதிரே உட்கார்ந்தான். "முப்பத்தொன்பதாயிரம். கட்டித் தொலைக்கிறேன். போதுமா?"

"வேண்டாம்" என்றாள் அவள். இதற்குத்தான் மூன்று நாளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "சந்தா எனக்கு ஒத்து வராது. நீங்க சொன்ன மாதிரியே வெச்சுக்கலாம். தடவைக்கு இவ்வளவு. படுக்கையிலேர்ந்து நாற்காலி, நாற்காலியிலேர்ந்து படுக்கை, போய் வந்தா ஒண்ணு. தடவைக்கு நூத்தி இருபது. ஜிம்முக்கு நானே கட்டிக்கறேன்."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். "பெத்த தாய்க்கு விலை பேசறியா" என்று கத்துவான், அவளும் அந்த ஞாயிற்றுக்கிழமையை அப்படியே அவன் முகத்தில் திருப்பி எறியலாம் என்று சொற்களைக் கூராக்கி வைத்திருந்தாள். ஆனால் விலை என்று ஒன்று காதில் விழுந்ததும் அவன் கண்ணில் வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நூத்தி இருபது அதிகம். மாசத்துக்கு நூத்தி எண்பது தடவை எடுக்கறேன். மொத்தமா எடுக்கறவனுக்கு ஒரு விலை இல்லையா?"

"நூறு."

"தொண்ணூறு. மாசக் கடைசியில கையில பணம்."

"சரி. தொண்ணூறு."

"அப்புறம், ஆறு எதுக்கு?" என்றான் அவன்.

"என்னது?"

"ஆறு தடவை எதுக்குன்னேன். பாதி, தண்ணி குடிச்சுட்டுக் கூப்பிடறதுதானே? டயப்பர் ஒண்ணு என் சப்ளையர்கிட்ட மொத்தமா எடுத்தா முப்பத்து ரெண்டு. நாலு தடவை தூக்கு. மிச்சத்துக்கு ரெண்டு டயப்பர். நாலு தொண்ணூறு முந்நூத்தி அறுபது, மாசம் பத்தாயிரத்து எண்ணூறு. டயப்பர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. மொத்தம் பன்னிரண்டாயிரத்து எழுநூத்தி இருபது." கைப்பேசியைத் தட்டினான். "ஆளுக்கு முப்பத்து மூவாயிரம் கேட்டான். மாசம் இருபதாயிரத்து இருநூத்தி எண்பது மிச்சம்!"

மாதம் இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கப் புறப்பட்டவன், பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். கார் முன்பதிவை ரத்து செய்ததில் முன்பணத்தில் பாதி போனது. அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. படச் சந்தாவையும் நிறுத்தினான். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாத்தனார் வருவதும் நின்றது.

அலமாரிக் கதவில் புதுத் தாள் வந்தது. நாளுக்கு நான்கு கட்டம். தூக்கினால் ஒரு கோடு. மாமியார் படுத்திருக்கும் இடத்திலிருந்து நேராகத் தெரியும் இடம்.

முதல் நாள் டயப்பரைப் பார்த்ததும் மாமியார் நல்ல கையால் அதைத் தட்டிவிட்டார். "குழந்தையாடா நான்? டேய், உன்னைத்தான்!" அவன் கூடத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டே, "நாலுக்கு மேல போனா கட்டுப்படியாகாதும்மா" என்றான். கெட்ட மகன் குரலில் சொல்லவில்லை. விலை ஏறிவிட்டதென்று வருந்துகிற கடைக்காரனின் குரலில்தான் சொன்னான்.

அவள் ஜிம்மில் சேர்ந்தாள். தன் பணம், தன் கைப்பேசியில் செயலி. செவ்வாயும் வெள்ளியும் மாலை அவன் வீட்டில் இருக்கும்போது போய் வந்தாள். கம்பியைத் தரையிலிருந்து தூக்கும்போதெல்லாம், "என்னக்கா, யார் மேல கோபம்?" என்று கோச் சிரித்தாள்.

இரண்டாவது வாரம் ஒன்றைக் கவனித்தாள். காலையில் வைக்கும் தண்ணீர்க் குவளை மதியம் வரை அப்படியே இருந்தது. மாமியாரின் உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. காப்பியை இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. மாமியார் மருமகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அலமாரிக் கதவையே பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அன்று மாலை ஆறு மணி இருக்கும். தட்டை எடுக்கப் போனவளின் முந்தானை நுனியை நல்ல கை பிடித்தது.

"இன்னைக்கு எத்தனை ஆச்சு?"

தெரியாமல் கேட்கவில்லை. மூன்று கோடா நான்கு கோடா என்று கட்டிலிலிருந்தே எண்ணியிருப்பார். ஒருவேளை எண்ணிக்கை தவறியிருக்கலாம் என்ற நப்பாசையில் கேட்டார்.

அவள் தாளைப் பார்த்தாள். நான்கு கோடுகள். ஐந்தாவதாக ஒருமுறை தூக்கினால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? முதுகு தாங்கும். கை தாங்கும். கோடு போடாமலே தூக்கிவிடலாம், கூடத்தில் இருப்பவனுக்குத் தெரியக்கூட வேண்டாம். கை தானாக முந்தானையை இழுத்துச் செருகப் போனது. அப்போது 'மூட்டையா' என்று கேட்டு இருமும் வரை சிரித்த அந்தச் சிரிப்பு நெஞ்சுக்கு நேராக மறுபடி குலுங்கியது.

"நாலு ஆயிடுச்சு அத்தை."

முந்தானை விடுபட்டது. மாமியார் குவளையைத் தன்னிடமிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளிவைத்தார். பிறகு முகத்தைத் தொலைக்காட்சியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அங்கே தொடர் நின்றுபோயிருந்தது. 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்ற எழுத்து திரையில் காத்திருந்தது. ரிமோட் மாமியாரின் கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது.

அவள் அதை எடுத்து 'ஆம்' என்பதை அமுக்கினாள். மணிக்கு ஐம்பது காசு மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.